தட்டிப் பார்த்த தூண்

என் மனைவியை எல்லோரும் குழாய் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவளுக்கே அது பிடித்துப்போனதும் நேராகவே கூப்பிட்டார்கள். அவள் கட்டட அமைப்புப் பொறியாளர். இரும்புக் குழாயை நட்டு அதற்குள் கான்கிரீட் ஊற்றி நிறுத்துகிற தூண் என்றால் சாப்பாட்டை மறந்து பேசுவாள்.

நான் அப்போது பொருள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஐந்நூறு டன் அழுத்தக்கூடிய பிரஸ் ஒன்று எங்களிடம் இருந்தது. கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுவருவார்கள், நான் நசுக்கிக் காட்டுவேன், எத்தனை டன்னில் உடைந்தது என்று சான்றிதழ் கொடுப்போம். அதனால் எனக்கு நசுக்கி என்று பெயர். குழாயும் நசுக்கியும் கல்யாணம் செய்துகொண்டால் வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று பிற்பாடு என் மகள் கேட்பாள்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு மருத்துவமனை. கீழ்த்தளம் முழுக்க ஆம்புலன்ஸ் வந்து திரும்புகிற இடம். மேலே நான்கு மாடி. நான்காவது மாடியில் பிரசவப் பிரிவு. தூண் பருத்தால் வண்டி திரும்ப முடியாது என்பதால், குட்டையான, அகலம் அடங்கிய குழாய்த் தூண்களை அவள் வடிவமைத்திருந்தாள். தனியாக அவள் பெயரில் போன முதல் வேலை அது.

வரைபடத்தைச் சரிபார்க்க வந்தவர் மூத்த பொறியாளர். எங்கள் கூடத்தில் அவருக்குச் சந்தேகம் சார் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியில் உட்காரும் முன்பு அதை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருகிற மனிதர், அவ்வளவுதான்.

"இரும்பு தாங்குறதை எடுத்துக்கிறேன். கான்கிரீட் தாங்குறதையும் எடுத்துக்கிறேன். ரெண்டையும் கூட்டினா மூணு மாடிக்குச் சரியா வருது. நாலாவது மாடிக்கு நீங்க காட்டுற கூடுதல் பலம் எங்கேருந்து வருதும்மா?" என்று கேட்டார் அவர்.

"உள்ளே இருக்கிற கான்கிரீட் வெறும் கான்கிரீட் இல்லை சார். கட்டுக்குள்ள இருக்கு" என்றாள் அவள்.

"பேப்பர்ல இருக்கு. பிரஸ்ல காட்டுங்க. காட்டலேன்னா நாலாவது மாடியை எடுத்துடச் சொல்லி எழுதிடுவேன்."

அப்படித்தான் அவள் எங்கள் கூடத்துக்கு வந்தாள், கூடவே அவளுடைய தாய்மாமாவும். மாமாவுக்குச் சொந்தமாக வெல்டிங் பட்டறை. மருத்துவமனைக்குக் குழாய் செய்யப்போவதும் அவர்தான். இரண்டு மாதிரித் தூண்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு சாண் அகலம், முழங்காலைத் தாண்டிய உயரம். மேலும் கீழும் இரும்புத் தட்டு வைத்து மாமா பற்றவைத்திருந்தார். வெளியே சுண்ணாம்பு பூசியிருந்தது. இரும்பு சுமைக்குப் பணிந்து இழுபட ஆரம்பித்தால் சுண்ணாம்பு உரிந்து காட்டிக்கொடுக்கும்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிதான் நசுக்கியா? பார்த்தா எறும்பைக்கூட மிதிக்காத ஆளா இருக்கீங்க."

"எறும்புக்குச் சான்றிதழ் யாரும் கேக்கிறதில்லைங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

சந்தேகம் சார் வரும்வரை மாமாவுக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் எண்ணெய் அளவு பார்ப்பதுபோல நின்று கேட்டேன்.

"கான்கிரீட்டை மேலேருந்து அழுத்தினா அது பக்கவாட்டுல வீங்கப் பார்க்கும் மாமா. வெறும் கான்கிரீட்னா வெடிச்சுச் சிதறிடும். இங்கே குழாய் சுத்தி நின்னு விட மாட்டேங்குது. எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடிச்சா அதே கான்கிரீட் இன்னும் நிறையத் தாங்கும்."

"அப்போ குழாய்க்கு நஷ்டம்தானே?"

"கொஞ்சம். வளையம் மாதிரி இழுபடுறதால, நேரா சுமை தாங்குற பலத்துல அது கொஞ்சம் விட்டுக்கொடுக்குது. ஆனா கான்கிரீட் அதைவிட அதிகமாத் திருப்பிக் கொடுத்துடுது. குழாய் உள்பக்கமா மடங்காம கான்கிரீட்டும் முட்டுக் கொடுக்குது."

"உங்க அத்தைகிட்ட இதைக் கொஞ்சம் சொல்லு பாப்பா. இருபது வருஷமா நான் விட்டுக்கொடுக்கிறேன், திருப்பி ஒண்ணும் வரலை."

"உயரமான ஒல்லித் தூணுக்கு இந்தக் கணக்கு ஆகாது மாமா. நசுங்கறதுக்கு முன்னாடியே வளைஞ்சிடும். அத்தை உங்களைவிட உயரம் இல்லையா" என்றாள்.

கணக்கு எளிதாகவே இருந்தது. குழாயின் இரும்புப் பரப்பை அது பணியும் அளவால் பெருக்கினால் நூற்று இருபது டன்னைக் கொஞ்சம் தாண்டும். உள்ளே இருந்த கான்கிரீட் தனியாக நூற்று முப்பத்தைந்து டன்னைத் தாண்டும். வெறுமனே கூட்டினால் இருநூற்று அறுபது. அவள் சொன்ன இறுக்கத்தின் பலனைச் சேர்த்தால் முந்நூறைக் கடக்க வேண்டும்.

முதல் தூணைப் பிரஸ்ஸில் ஏற்றினேன். திரையில் எண் சீராக ஏறியது. நூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபதைத் தாண்டியதும் எண் நின்றுவிட்டது. பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது, எண் மட்டும் ஏறவில்லை. மேல் தட்டுக்குக் கீழே சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கே குழாய் மெல்ல உப்பியது.

"நிறுத்துங்க" என்றார் சந்தேகம் சார்.

நிறுத்தினேன். மூன்றாவது மாடியே இப்போது சந்தேகம்தான் என்று அவர் மெதுவாகச் சொன்னார். குரலில் சந்தோஷம் இல்லை. மாமா தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வெல்டிங்தான் போச்சோ பாப்பா என்றார். டீ வந்தது. அவளுடைய டீயில் ஆடை படிந்தது. நான் அதை எடுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் நிமிர்ந்தாள்.

"சார், இது ரொம்பச் சரியா இருக்கு."

"எது?"

"இந்த எண். இரும்பு மட்டும் தனியா நின்னா எவ்வளவு தாங்குமோ, அதே எண். கான்கிரீட் மட்டமாவே இருந்தாலும் கொஞ்சமாவது தாங்கியிருக்கணும். ஒரு டன்கூடத் தாங்கலைன்னா அது தோத்துப்போகலை. விளையாட்டுக்கே வரலை."

டீயை வைத்துவிட்டு, என் மேஜையிலிருந்த சுத்தியலைக் கேட்காமல் எடுத்தாள். இரண்டாவது தூணின் மேல் தட்டில், விளிம்புக்கு நேராகத் தட்டினாள். டக் என்றது. நடுவில் தட்டினாள். டம் என்றது. மறுபடி விளிம்பு, மறுபடி நடு. சந்தேகம் சார் சுத்தியலை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, காதை வைத்துக்கொண்டு தட்டினார்.

"மாமா, இந்தத் தட்டை வெட்டி எடுங்க."

மாமா கிரைண்டரை எடுத்தார். பொறி பறந்தது. தட்டு விலகியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கான்கிரீட்டின் முகம் குழாயின் விளிம்பைவிடக் கீழே இருந்தது. ஒரு நாணயத்தின் கனம்தான். ஊற்றிய அன்று அவளே நின்று விளிம்போடு சமமாக வழித்துவிட்டிருந்தாள். கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஈரக் கான்கிரீட் இரவில் கீழே படியும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் அவள். மறுநாள் காலையில் வந்த மாமா, மேலே இருந்த தூசியைத் துடைத்துவிட்டு அப்படியே தட்டு வைத்துப் பற்றவைத்துவிட்டார். முதல் தூணிலும் இதே கதைதான்; பிரஸ்ஸின் சுமை முழுவதும் குழாயின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கான்கிரீட்டைத் தட்டு தொடும் முன்பே குழாய் பணிந்துவிட்டது.

"இத்தனை பெரிய பொறியாளர், இத்தனை பெரிய வெல்டர், நடுவுல ஒரு நாணயம் நுழைய இடம் விட்டிருக்கீங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நசுக்கி சார், பேசுறதை விட்டுட்டு பிளாஸ்டர் கலக்குறீங்களா?"

கெட்டிப்படும் பிளாஸ்டரைக் கலந்து அந்த இடைவெளியை விளிம்புவரை நிரப்பினோம். இறுகியதும் இரும்பும் பிளாஸ்டரும் ஒரே மட்டமாக வரும்படி தேய்த்தோம். அளவுகோலை எல்லாத் திசையிலும் வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தோம். அவளுடைய கையும் என்னுடைய கையும் ஒரே அளவுகோலைப் பிடித்திருந்தன. மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டு இருமினார்.

மறுநாள் இரண்டாவது தூண் ஏறியது. நூற்று இருபதில் எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தோம். எண் நிற்கவில்லை. இருநூறு. சந்தேகம் சார் நாற்காலியை ஆட்டிப் பார்க்காமலே அதன்மேல் கை ஊன்றி எழுந்து நின்றார். இருநூற்று அறுபதில் அவர் தலையை ஆட்டினார். அது கூட்டுத்தொகை. அதற்கு மேலே போவதெல்லாம் அவள் சொன்னது.

சுண்ணாம்பு இந்த முறை தூணின் நடுப்பகுதியில், சுற்றிலும் உரிந்தது. எண் நிதானமாக, மலை ஏறுகிற மாட்டு வண்டி மாதிரி ஏறியது. முந்நூறு. குழாய் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி மெல்ல உருண்டது. வெடிக்கவில்லை, சிதறவில்லை, சத்தமே இல்லை. முந்நூற்றுப் பதினெட்டில் நிதானித்து நின்றது.

மாமா என் முதுகில் அறைந்தார். அந்த அறையை எத்தனை டன் என்று அளக்க எங்களிடம் கருவி இல்லை. அவள் தூணின் வீங்கிய வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரிம்மா" என்றார் சந்தேகம் சார். "நிஜத் தூண் அகலத்தோட ஒப்பிட்டா இதைவிடக் கொஞ்சம் நீளம். இந்தப் பலன் அங்கே முழுசாக் கிடைக்காது."

"முழுசா எடுத்துக்கலை சார். பாதிக்கும் குறைவாத்தான் எடுத்திருக்கேன். அதுக்கு மேல பாதுகாப்புக் கழிவும் இருக்கு. சுமை நடுவுல நேரா இறங்குற தூண்களுக்கு மட்டும்தான்."

"அப்போ நாலாவது மாடி இருக்கட்டும். ஆனா ஒரு நிபந்தனை. நிஜக் கட்டடத்துல தட்டுல ஓட்டை விட்டு, கலவையை அழுத்தி நிரப்பணும். பிறகு ஒவ்வொரு தூண் தலையையும் சுத்தியலால தட்டிப் பார்க்கணும். நானும் வருவேன்."

"நீங்க வராம இருப்பீங்களா சார்" என்றாள்.

ஒவ்வொரு தூணையும் தட்டினோம். அவள் தட்டுவாள், சார் கேட்பார், நான் சரி என்று சுண்ணக்கட்டியால் குறி போடுவேன். அந்த வேலைக்கு நான் ஏன் போனேன் என்று என் அதிகாரிக்குக் கடைசிவரை புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சீர், உப்பிய அந்த இரண்டாவது தூண். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து பிடித்தும், வாசல்படி ஏற்றுவதற்குள் எங்கள் இடுப்பு கழன்றது.

எங்கள் மகள் பிறந்தது அந்த நான்காவது மாடியில்தான். வலி எடுத்து ஆம்புலன்ஸ் கீழே திரும்பும்போது என் மனைவி என் கையை நசுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு தாராளமாத் திரும்புது பாருங்க" என்றாள். நர்ஸ் அவளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போன வருடம் அவள் போய்விட்டாள். அழுகை வருகிற நாட்கள் உண்டு. ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

அந்தத் தூண் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஸ்டூலாக இருக்கிறது. மகள் நேற்று வந்திருந்தாள், ஏழாவது மாதம். பிரசவம் எங்கே என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்றாள். தூணின்மேல் மெதுவாக உட்கார்ந்து, "அப்பா, இது தாங்குமா?" என்று கேட்டாள்.

உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன்.