ஈரம் காயாத பட்டை

லாரி பார்சல் ஆபீஸில் அவருக்குக் கோந்து சார் என்று பெயர். நோட்டுகளைக் கையில் கொடுத்தால் ஒரே முகமாக அடுக்கி, எண்ணி, நடுவில் காகிதப் பட்டை சுற்றி, கோந்து தடவி, மேலே தொகையும் சுருக்கக் கையெழுத்தும் போட்டால்தான் அந்தக் கிழட்டு குமாஸ்தாவுக்கு மூச்சு வரும். அத்தனையும் ஊரார் பணம். சொந்தப் பணத்துக்குப் பட்டை கட்டும் யோகம் மனிதருக்கு வாய்க்கவே இல்லை.

மகன் பட்டறை வைக்க வாங்கிய கடன் குடும்பத்தின் கழுத்தை நெரித்தது. அடமானம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிரய ஒப்பந்தமே எழுதி வாங்கியிருந்தார் வட்டிக்காரர். கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது. அசல் இம்மியும் அசையவில்லை. பாக்கி வட்டி வராவிட்டால் வீடு அவருக்கு.

"நாளைக்குக் காலையில ஆபீசுக்கே வரேன், பெரியவரே. அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தக் காலையில்தான், கதவைத் திறந்தவர் பெஞ்சுக்கடியில் ஒரு பையைப் பார்த்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள், தலைகீழும் குறுக்குமாக.

கண்டெடுத்த பொருளை இரண்டு பேர் முன்னால்தான் திறக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவரே இவர்தான். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு எண்ண உட்கார்ந்தார். மனைவியின் முகம், வீட்டு வாசல், மகனின் குனிந்த தலை எல்லாம் கண்ணுக்குள் ஓடின. கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

வட்டிக்காரர் வந்தார். ஒரு கட்டு கை மாறியது.

"பரவாயில்லையே, பேங்குக் கட்டு மாதிரி இருக்கு" என்று சிரித்தபடி வண்டி ஏறினார். கோந்து சார் காதில் அது விழவே இல்லை.

மேனேஜர் உள்ளே வந்ததும் பையை நீட்டினார். "பெஞ்சுக்கடியில கிடந்துச்சு, சார். நான் திறக்கல."

"உங்களை மாதிரி ஆள் எங்க சார் கிடைப்பாங்க?"

அந்த வார்த்தையைக் கேட்கக் கோந்து சாருக்குக் கூசியது.

முந்தின நாள் சாயங்காலம் பார்சல் எடுக்க வந்து பையை மறந்துவிட்டுப் போன கட்டட மேஸ்திரி தலைதெறிக்க ஓடி வந்தார். ஆட்களின் கூலிப் பணம். மேனேஜர் எல்லார் முன்னாலும் பையை மேசையில் கவிழ்த்தார். மேஸ்திரி எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"ஒரு கட்டுப் பணம் குறையுது, சார். அதோட, நான் ரப்பர் பேண்டுதானே போட்டிருந்தேன்? இந்தப் பேப்பரை யாரு சுத்தினது?"

அப்போதுதான் கோந்து சாருக்குத் தன் கை செய்த காரியம் உறைத்தது. பாவி மனுஷன், திருட்டுப் பணத்துக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்! வட்டிக்காரரிடம் கட்டைத் திருப்பிக் கேட்டால் வீடு போகும், கேட்காவிட்டால் மானம் போகும். வாசலை அடைத்துக்கொண்டு கூலிக்காரர்கள் நின்றார்கள்.

மேனேஜர் ஒரு கட்டை எடுத்தார். தினமும் பார்த்துப் பழகிய கையெழுத்து. பட்டையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"கோந்து இன்னும் காயல, சார்" என்று கோந்து சாரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார்.