காய்க்கும் மட்டும்

என் அண்ணன் சிவராசா வாய் நிறையச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் குமட்டும். கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் கோப்பித் தோட்ட விஷயத்துக்குப் பிறகு வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுபத்தேழு இனக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அண்ணனையும் என்னையும் பெரியம்மா வன்னிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வட்டக்கச்சியில் வளர்ந்து வயல்காரராகிவிட்டோம். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அப்பா மாத்தளைக்கு மேலே, தான் வாங்கிய அரை ஏக்கர் கோப்பித் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று அம்மாவோடு அங்கேயே இருந்துவிட்டார். பிறகு பிறந்த தம்பி சுதாகரனும் அங்கேதான் வளர்ந்தான். அப்பாவும் அம்மாவும் போய், தம்பியும் செத்த பிறகு, தோட்டத்து வீட்டில் மிஞ்சியது தம்பியின் மனைவி ஞானேஸ்வரியும் அவள் மகள் தேனுகாவும். கோப்பி பறித்துக் காயவைத்து விற்றுத்தான் அவர்கள் வாழ்க்கை. காணி உறுதிப் பத்திரம் மட்டும் அண்ணன் பெயரில்.

தம்பி செத்த எட்டாம் நாள் சடங்கு வீட்டில், சனத்துக்கு முன்னால், அண்ணன் சத்தியம் மாதிரிச் சொன்னான்: "கோப்பி காய்க்கும் மட்டும் நீ இஞ்சையே இரு பிள்ளை. ஒருத்தரும் கேக்கமாட்டினம்." காய்க்கும் வரை என்றால் காலம் முழுக்க என்று நினைத்துச் சனம் தலையாட்டியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சில வருடங்களில் செடிகள் கிழடு தட்டிவிட்டன. தண்டு தடித்து, கொப்பெல்லாம் உச்சியில் போய், பழம் அங்கொன்றும் இங்கொன்றுமாய். ஞானேஸ்வரியே தொலைபேசியில் சொன்னாள்:

"கட்டையா வெட்டிப் புதுசாத் துளுக்க விடணும் மதினி. வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு. மிச்சத்துல காய் பறிச்சுக்கிட்டே இருக்கலாம்."

இதை நான்தான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"வெட்டுறதெண்டால் எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டுவம். அரைகுறை வேலை எனக்குச் சரிவராது."

அறுவடை முடிந்த மாசியில் பரந்தனிலிருந்து நிரோஜன் என்ற மரம் அரிகிறவனைச் செயின்சோவோடு கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். முழங்கால் உயரத்துக்கு எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளினார்கள். தண்ணீர் தங்காமல் வெட்டைச் சரிவாகப் போடச் சொல்லியும், ஒவ்வொரு கட்டையிலும் அது பட்டுப்போகாமல் மூச்சு விட ஒரு கொப்பாவது விடச் சொல்லியும் ஞானேஸ்வரி பின்னாலேயே ஓடினாள். நிரோஜன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அண்ணன் கையை வீசினான். பொழுது சாயும்போது தோட்டம் முழுக்கக் கட்டைதான் நின்றது.

கைகால் கழுவி, தேத்தண்ணி குடித்து, அதே சிரிப்போடு அண்ணன் சொன்னான்:

"ஞானேஸ், இனி இது காய்க்க மூண்டு வருசம் செல்லும். காய்க்கும் மட்டும் இரு எண்டுதானே நான் சொன்னனான். இப்ப காயில்லை. நிரோஜன் இஞ்சை தங்கிப் பாக்கட்டும்."

அவள் உள்ளே போய்த் தேனுகாவின் உடுப்புகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். மனிதன் இப்படியும் கணக்குப் போடுவானா? செத்த தம்பியின் பெண்டாட்டியை வெளியேற்ற அரை ஏக்கர் செடியையும் அறுத்துப் போடுவானா? வாய்க்கு வந்தபடி ஏசினேன். "சும்மா குழறாதை. சொன்ன சொல்லு மாறாதவன் நான்" என்றான். அதைக் கேட்டபோதுதான் முதன்முதலாய்க் குமட்டியது.

ஞானேஸ்வரி மகளோடு கீழே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசையில், பாதிக் கூரை ஒழுகும் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றுக்குப் போனாள். கொழுந்து எடுத்தாள். தேனுகா மழைக்காலத்தில் இருமியபடி பள்ளிக்கூடம் போனாள்.

இரண்டு மூன்று மாதத்தில் கட்டையெல்லாம் துளிர்த்தது. ஒவ்வொரு கட்டையிலும் புதுத் தண்டாய்ப் பத்து, இருபது போத்து. நிரோஜன் படம் பிடித்து அனுப்ப, அண்ணன் ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தான். ஞானேஸ்வரி பொறுக்கமாட்டாமல் எனக்குத் தகவல் சொல்லிவிட்டாள்: நல்லதாய் இரண்டு மூன்று போத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளி எறியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு அடிபட்டு ஈர்க்கு மாதிரி உயருமே தவிரக் காய்க்காது. அவளை விரட்டிய தோட்டத்துக்கு அவள் சொன்ன புத்தி அது. எனக்கு அண்ணன் மீது இருந்த வெறுப்பு இரண்டு மடங்கானது.

நான் சொன்னதை அண்ணன் கேட்டால்தானே.

"உனக்கென்ன விசரே? நெல்லு அடியிலை கிளைச்சு மட்டம் வெடிக்கேக்க ஆரும் புடுங்கி எறியிறவையே? எவ்வளவுக்கு வெடிக்குதோ அவ்வளவுக்குக் கதிர். இது எனக்குத் தெரியாததே!"

வயல்காரன் புத்தி வயலோடு. ஒரு போத்தைக் கூடத் தொடக்கூடாது என்று நிரோஜனுக்குக் கட்டளை போனது.

மூன்றாம் வருடக் கடைசி, பழம் பறிக்கிற காலம். அண்ணன் சாக்குக்கட்டோடு வான் வண்டியில் ஏறினான். நானும் தொற்றிக்கொண்டேன். பச்சைப் பசேலென்று ஆளுயரத்துக்குக் காடு. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே புகுந்தான். கொப்பை விலக்கினான், இலையைப் புரட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான். எல்லாமாய்ச் சேர்த்து ஒரு சுளகு நிறையவில்லை. "உரம் ஒழுங்காப் போட்டனியோ?" என்று நிரோஜன்மேல் பாய்ந்தான். அவன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பரந்தனுக்கு பஸ் ஏறிவிட்டான்.

அண்ணன் வெட்கமில்லாமல் லயத்துக்கு ஆள் அனுப்பி ஞானேஸ்வரியைக் கூப்பிட்டான். அவள் கொழுந்துக் கூடையோடு வந்தாள். கட்டை கட்டையாய்ப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"போத்த எடுக்கல. நல்ல கட்டைல மூணு வச்சுட்டு மிச்சத்த எடுத்தா, அடுத்த வருஷம் கொஞ்சம் காய்க்கும். நோஞ்சானா நிக்கிறத மறுபடி கட்டையா வெட்டணும். அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம்."

அண்ணன் தாடையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அறிவேன்.

"அப்ப ஒண்டு செய்வம் பிள்ளை. நீயே வந்து பார். வீட்டிலை இரு. இது நல்லாக் காய்க்கும் மட்டும் ஆரும் உன்னை ஒண்டும் கேக்கமாட்டினம்."

அன்றைக்குக் காய் முடிந்ததென்று வெளியேற்றினான். இப்போது, காய்க்கத் தொடங்கினால் வெளியேற்ற வழி பார்க்கிறான். ஒரே சொல்லை முன்னும் பின்னும் திருப்பிப் போட்டு அவளை உரிக்கிறான். முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. "அவள் வரமாட்டாள்!" என்று கத்தினேன்.

"வர்றேன் மதினி," என்றாள் ஞானேஸ்வரி. "புள்ளைக்கு ஒழுகாத கூரை வேணும்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"ஆனா மாமா, நா சொல்ற மாதிரிதான் வெட்டு. வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு. ஒரு பங்கு காய்க்கும், ஒரு பங்கு வளரும், ஒரு பங்கு கட்டையா நிக்கும். சுத்திச் சுத்தி அப்புடியே. இந்தத் தோட்டத்துல இனிமே காய் இல்லாத வருஷமும் கெடையாது, முழுசாக் காய்ச்ச வருஷமும் கெடையாது. எந்த வருஷம் என்னையப் போகச் சொல்லுவீங்க?"

அண்ணனின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. வேறு ஆள் பிடித்தால் மறுபடி காடுதான். அது அவனுக்குத் தெரியும். கடைசியில் ஓம் என்று தலையாட்டினான். அவள் அந்த இடத்திலேயே குந்தி, முதல் கட்டையில் மூன்று போத்தைத் தேர்ந்து, மிச்சத்தை ஒவ்வொன்றாய் அறுத்து எறியத் தொடங்கினாள்.

திரும்பி வரும் வழியில், தம்புள்ளை தாண்டும்போது அண்ணன் தன் மனைவி விமலேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"பாவமப்பா, தம்பியின்ரை குடும்பம். வீட்டை அதுகளுக்கே விட்டிட்டன். சொன்ன சொல்லு எண்டு ஒண்டு இருக்கெல்லே."

நான் வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, தெருவோரத்தில் வாந்தி எடுத்தேன். அண்ணன் யன்னலால் தலையை நீட்டி, பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டிரைவருக்குச் சொன்னான்.