குடும்பச் சூழ்நிலை காரணமாக

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்ப ராஜபாளையம் பஸ்ஸில் ஏறியபோது பானுப்பிரியாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கொட்டாவிதான்.

பதினொரு வருஷம் மூன்று ஷிஃப்ட் பார்த்த உடம்பு அது. பழைய மில் ஆடி மாசத்தோடு பூட்டிக்கொண்ட பிறகு, நாலு மாசமாகச் சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியது வேறு. புது மில்லில் நூல் சோதிக்கும் லேப். பகல் ஷிஃப்ட் மட்டும். அந்த ஒரு வரிக்காகவே கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் ராஜபாளையத்தில் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. ஐயாதுரை அண்ணாச்சியின் பேண்டேஜ் கம்பெனி. அங்கே ரெண்டு இண்டர்வியூ முடிந்து, திங்கட்கிழமை லேபில் துணியைச் சோதித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது காலியாக இருப்பது ராத்திரி ஷிஃப்டும் சேர்ந்த வேலை. அது அவளுக்கு ஆகாது. ஆனால் பின்கட்டில் புது லேப் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் கழுத்து மட்டத்துக்கு வந்தாயிற்று. ரெண்டு வருஷத்தில் அதற்குத் தலைமை பார்க்க ஆள் தேடுவார்கள். அந்த நாற்காலிமேல் அவளுக்கு ஒரு கண். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; அன்றைக்கு வா என்று அவர் சொல்ல வேண்டும். இதற்கு எந்த வார்த்தையைத் தேடுவது?

புருஷன் பாண்டிச்செல்வத்துக்குப் பஜாரில் பாத்திரக்கடை. அவனிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

"ஏட்டி, ஒண்ணும் சொல்லாத. திங்கக்கிழமை நீ போகாட்டி அவியளே புரிஞ்சுக்கிடுவாவ."

"அண்டாவ எடுத்து வைங்க, நாளைக்கு வாரோம்னு சொல்லிட்டு வராமப் போறவுகள நீங்க என்னன்னு சொல்லுவிய?"

அவன் சொல்வது எழுத்தில் வைக்கத் தக்கதல்ல. கொஞ்சம் யோசித்தான்.

"சரி, எழுதிப் போடு. ஆனா வேற இடம் கெடச்சிட்டுன்னு எழுதிராத. பக்கத்துக் கடையில வாங்கிட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா எந்த யாவாரிக்கும் வயிறு எரியும். குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னு போடு. யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

நம் பக்கத்தில் அந்த வார்த்தை சுமக்காத பாரம் இல்லை. பள்ளிக்கூட லீவு லெட்டரில் தொடங்கி, நின்றுபோன நிச்சயதார்த்தம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதே போர்வைதான். பானுப்பிரியாவுக்கு வேறு ஒன்று தேடத் தெம்பில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், பிற்காலத்தில் வாய்ப்பு அமைந்தால் மகிழ்ச்சி என்றும் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவைப் பார்க்கும் ஷெரினுக்கு மெயில் அனுப்பிவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை இட்லித்தட்டை எடுக்கும்போது போன் வந்தது. ஷெரின் இல்லை. முதலாளியே.

"ஏம்மா, குடும்பத்துல என்ன சூழ்நிலை? வீட்டுக்காரருக்கு உடம்புக்கு எதுவும்?"

"இல்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்காவ."

"மாமியாரு?"

"அவியளும் நல்லாத்தான் இருக்காவ."

"பொறவு என்ன சூழ்நிலை? எம்புட்டு கூட வேணும்னு நேரா கேளேன்! இதுக்கு எதுக்கு மெயிலு?"

பானுப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பஜாரில் விலை படியாவிட்டால் 'வீட்ல கேட்டுட்டு வாரேன்' என்று ரெண்டு படி இறங்குவார்கள். அது போவதற்காக இறங்குவதல்ல, கூப்பிடுவதற்காக இறங்குவது. தான் மெய்யாகவே போய்க்கொண்டிருக்க, அண்ணாச்சி அவளைப் படியில் நிற்பதாக நினைத்துவிட்டார். எதிரே பாண்டிச்செல்வம் சட்னிக் கையோடு மூன்று விரலைக் காட்டினான். மூவாயிரம் கேள் என்று அர்த்தம். முறைத்தாள். ஒரு விரலை மடக்கினான்.

"நேர்ல வாரேன் அண்ணாச்சி" என்று போனை வைத்தாள்.

கம்பெனியில் வெளுப்புக்காரத்தின் நெடி வாசலிலேயே வரவேற்றது. ஷெரின் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நேத்தே மெயில் பாத்தேங்க்கா. உங்களுக்கு அடுத்ததா கூமாப்பட்டி கார்த்திகாவ வச்சிருக்கோம். திங்கக்கிழமைக்கு அவளக் கூப்பிடட்டான்னு கேட்டேன். அண்ணாச்சி விடல. பொறு, இந்தப் பிள்ளை விலை பேசுது, திருப்பிக் கூட்டியாந்திரலாம்னுட்டாவ. கார்த்திகா காலையிலயே ரெண்டு தடவ போன் பண்ணிக் கேட்டுட்டா."

பானுப்பிரியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நாலு மாசமாகத் தெரிந்தவள் அவள்.

உள்ளே ஐயாதுரை அண்ணாச்சி டீ சொன்னார். சொல்லிவிட்டு, விலையையும் சொன்னார். மூவாயிரம் கூட. பாண்டிச்செல்வத்தின் முதல் கணக்கு பிசகவில்லை.

"அண்ணாச்சி, நான் விலை பேசல. வேற இடத்துல சேர ஒத்துக்கிட்டேன். நேத்து கையெழுத்துப் போட்டாச்சு."

"அப்ப ஏன் குடும்பத்த இழுத்த?"

"உங்க மனசு சங்கடப்படக்கூடாதுன்னு."

"இப்ப மனசு குளுந்து கெடக்கு பாரு." தம்ளரைத் தள்ளி வைத்தார். "எந்த மில்லு?"

"சேந்த பொறவு சொல்லுதேன்."

"உசாரான ஆளுதான். சரி, ராத்திரி ஷிஃப்ட்டுதான தொந்தரவு? எடுத்திருதேன். பகல் மட்டும் வா. இப்ப என்ன சொல்லுத?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை, பகல் ஷிஃப்ட், மேலே மூவாயிரம். ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். களைத்த உடம்பு சரி என்று சொல்லிவிட்டது. வாய்தான் முரண்டு பிடித்தது.

"நாளைக்கு உங்ககிட்ட கையெழுத்துப் போட்டுட்டு, மறுநா இன்னொருத்தர் ஆயிரம் கூடச் சொன்னாருன்னு ஓடினா, என்னப் பத்தி என்ன நெனைப்பிய?"

அவர் தம்ளரை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வெளியே ஏதோ மிஷின் நின்று மறுபடி ஓடியது.

"எனக்கு இந்தக் கம்பெனி வேண்டாம்னு இல்ல அண்ணாச்சி. பின்னால லேப் கட்டுறிய. அது முடிஞ்சு ஆள் எடுக்கும்போது வரிசையில நின்னு கேப்பேன். இப்ப மாத்திப் பேசுனேன்னா, அன்னைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"ரெண்டு வருஷம் கழிச்சு நடக்கப்போறதுக்கு இன்னைக்கே துண்டு போடுத."

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. சமாதானம் ஆனவராகவும் தெரியவில்லை. "நான் கூப்பிட்டு வராத ஆளு நீ ஒருத்திதான். அது எனக்கு மறக்காது" என்றார். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஷெரினு, இந்தப் பிள்ளைக்கிட்ட உள்ளத உள்ளபடி எழுதி வாங்கு. குடும்பம் கிடும்பம்லாம் வேண்டாம்."

ஷெரினின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து போனிலேயே மறுபடி எழுதினாள். வேறொரு வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அதனால் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். ரெண்டு முறை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. புது லேபுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்க விரும்புகிறேன். நாலே வரி. நேற்று ராத்திரி இதே நாலு வரிக்கு என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அண்ணாச்சி கோவமா இருக்காவளாட்டி?" என்றாள் மெதுவாக.

"தெரியலக்கா. அவியளுக்கே தெரியாது" என்றாள் ஷெரின். "உங்க இண்டர்வியூ மார்க்கோட இதையும் ஃபைல்ல வச்சிருதேன். ஒரு வருஷம் உங்க விவரத்த வச்சுக்கிடலாமா? சம்மதம்னு ஒரு வரி சேத்திருங்க. அதுக்கு மேல வேணும்னா நீங்களே ஞாபகப்படுத்தணும்."

"லேப்புக்கு ரெண்டு வருஷம் ஆகுமே."

"அதான் சொல்லுதேன். அடுத்த வருஷம் ஒரு மெயில் போடுங்க."

பானுப்பிரியா ஐந்தாவது வரியைச் சேர்த்து அனுப்பினாள். ஷெரின் அதைத் திறந்து பார்த்துவிட்டு, பெயர்ப் பட்டியலில் விரலை ஒரு வரி கீழே இறக்கி, போனை எடுத்தாள்.

"ஹலோ, கார்த்திகாவா? திங்கக்கிழமை காலையில ஒம்பதரைக்கு வர முடியுமா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ஷெரின் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.