நாற்பது சட்டைக்குத் துணியில்லை

சுருளைப் பிரித்து அகலத்தை அளந்ததுமே துணி வெட்டுகிறவள் நாடாவை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு அங்குல அகலத்துக்குக் கணக்குப் போட்டு, வெட்டுச் சேதம் நூற்றுக்கு ஐந்து சேர்த்து, இருநூறு பள்ளிச் சட்டைக்கு 252 மீட்டர் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். தையல் பட்டறை முதலாளியான அவள் அண்ணன், மலிவாகக் கிடைத்ததென்று நாற்பத்துநாலு அங்குலத் துணியில் அதே 252 மீட்டரை வாங்கி வந்திருந்தான்.

"இந்த அகலத்துல 336 வேணும்ணே. 84 மீட்டர் குறையுது."

"பெரிய சைஸ் எத்தனை?"

"நாப்பது. ஒவ்வொண்ணும் ரெண்டு மீட்டர் இழுக்கும்."

"சேதத்தோட சரியா 84. அந்த நாப்பதையும் விட்டுடு."

"அதுல என் பொண்ணோடதும் இருக்குண்ணே."

"அவளைக் கொஞ்சம் கம்மியா தின்னச் சொல்லு."

அப்போதே தலைமையாசிரியைக்குப் போன் போட்டான். தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்: "என்ன டீச்சர் பண்றது, என் தங்கச்சி கணக்கைத் தப்பாப் போட்டுட்டா." வேலை போய்விடுமே என்று அவள் துணியை மேசையில் விரித்தாள். கத்தரியை எடுத்தாள்.

திங்கட்கிழமை, சீருடையில்லாத நாற்பது பேரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"எல்லாரும் என்னைத் திட்டுறாங்கம்மா. உனக்கு அளக்கவே தெரியாதாம்."

"ஆமாடி," என்றாள் அவள். "தப்பாத்தான் அளந்துட்டேன்."