தலை வழித்த ஆழாக்கு

கரும்புக் கட்டு தூக்கின தோள் பாப்பாத்திக்கு விடிந்தும் விண்விண்ணென்று தெறித்தது. நேற்று மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் கல்வராயன் மலைக்கு வந்திருந்தாள். தபாலில் படித்த இங்கிலீஷ் பி.ஏ.வுக்கு இப்போதுதான் ஒரு வேலை கண்ணில் பட்டது. ராஜாங்கத்தின் விடுதியில் வெள்ளைக்காரர்களுக்குச் சமையல் வகுப்பு. இன்றைய வகுப்பு தேறினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடி கரும்புதான்.

சமைத்துக் காட்டுபவள் மலைக்காரி ஆயம்மாள். அவள் செய்யச் செய்யப் பாப்பாத்தி போன வாரமே இங்கிலீஷில் எழுதித் தாளாக்கிவிட்டாள். வதக்குவதற்கும் பொரிப்பதற்கும் அகராதி ஒரே சொல்லைக் காட்டியது. வெங்காயம் சுருளும்வரை, அப்பளம் உப்பும்வரை என்று விரித்து எழுதினாள். சோம்பும் சீரகமும் மாறிவிடாமலிருக்க இரண்டையும் தாளிலேயே ஒட்டினாள். ஆயம்மாள் அளக்கும் சின்னப் படியான ஆழாக்கில் தண்ணீர் பிடித்து அளந்து, முக்கால் கப் என்று போட்டாள். சாமைச் சோற்றுக்குச் சாமை ஒன்று, தண்ணீர் மூன்று.

வந்தவர்கள் தாளைப் பார்த்தே அளந்தார்கள். முக்கால் கப் அளவையில் சாமையை நிரப்பி, கத்தி முதுகால் தலையை வழித்துக் கொட்டினார்கள். ஆயம்மாள் அந்தப் பக்கம் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்தால் எல்லாச் சட்டியிலும் குழைசல்.

"இன்னா இது, போஸ்டர் ஒட்ற பசையா?" ராஜாங்கம் பாய்ந்தார். "ஏ ஆயம்மா, தண்ணி அளவுகூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா? நாளைலேர்ந்து வராத!"

"என் அளவுல ஒரு தப்பும் இல்ல."

அவர் காதில் வாங்காமல் விருந்தாளிகள் பக்கம் போய்விட்டார். ஆயம்மாள் ஆழாக்கை எடுத்துச் சாமையில் விட்டு அள்ளினாள். கோபுரமாகக் குவிந்து, விளிம்பில் சரிந்து கொட்டியது.

"இதாண்டி ஒரு ஆழாக்கு. விருந்தாளிக்கு அளக்கறத எவளாச்சும் தலை வழிப்பாளா?"

பாப்பாத்தி தன் தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டுக்குக் கூலி நெல் வந்ததெல்லாம் பண்ணைக்காரர் குச்சியால் வழித்த படியில். அவளுக்கு அளவு என்றாலே மட்டமாக இருப்பது. போன வாரம் ஆயம்மாள் குவித்ததைக் கண்ணால் பார்த்தும் மனசில் வாங்கவில்லை. சாமை குவியும், தண்ணீர் குவியுமா? வழித்த கப்பில் சாமை குறைந்து தண்ணீர் மிஞ்சிவிட்டது.

"ஏம்மா, நிக்கிறியே!" ராஜாங்கம் கத்தினார். "எதுனா செய்யி!"

தப்பு தன் தாளில்தான் என்று சொல்ல வந்த பாப்பாத்தி, அதை விட்டுவிட்டு மோரை எடுத்தாள். மோரை ஊற்றிக் கரைத்தாள், சின்ன வெங்காயம் அரிந்து போட்டாள், வெயிலுக்குக் குடிக்கிற கூழ் இது என்று இங்கிலீஷில் விளக்கினாள். எல்லாரும் வழித்துக் குடித்தார்கள். ஒரு பெண் இன்னொரு டம்ளர் கேட்டாள்.

"பொழச்சிக்கினோம்மா," என்றார் ராஜாங்கம். "அடுத்த வாரமும் வந்துரு. ஆயம்மாவுக்குப் பதிலா ரங்கம்மாள சமைக்கச் சொல்றேன்."

"சரிங்க."

ஆயம்மாள் ஆழாக்கை முந்தானையில் முடிந்து சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாப்பாத்தி தாளில் 'கப்பைக் குவித்து' என்று திருத்தினாள். தோள்வலி கழுத்துக்கு ஏறியது. தப்பு ஆயம்மாளுடையதல்ல, என் தாளுடையது என்று ராஜாங்கத்திடம் சொல்லும் ஒரு வார்த்தை, ஆயம்மாளுக்கு அவள் தரவேண்டிய கடன். அது இன்னும் தீரவில்லை.