கடைசிக்காரி

கணவன் இறந்த மறு மாதமே பாலில் செல் எண்ணிக்கை ஏற ஆரம்பித்துவிட்டது. அவள்தான் கவனிக்கவில்லை. பால் ஆலையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சோதனைச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், கறவைக் கொட்டகைச் சுவரில் இருந்த ஆணியில் குத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஐந்தாவது மாதம் பால் வண்டிக்காரர் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, நகராமல் நின்றார்.

“தங்கச்சி, இதக் கொஞ்சம் படிச்சுப் பாரு.”

அவள் படித்தாள். ஒரு மில்லி பாலில் ஐந்து லட்சத்து இருபதாயிரம் செல். ஆலையின் வரம்பு நாலு லட்சம். ஆணியிலிருந்து பழைய சீட்டுகளை உருவி வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றரை, இரண்டே கால், மூன்றரை, நாலே முக்கால். படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தது.

“வரம்பத் தாண்டி ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவையும் தாண்டுனா என் வண்டி இந்தப் பக்கம் திரும்பாது. நான் என்ன செய்ய, அவங்க சொல்றதுதான்” என்றார் வண்டிக்காரர். “உங்க வீட்டுப் பால் வந்து சேர்ற அன்னிக்கு ஆலையில பாலாடைக்கட்டி இறுகவே மாட்டேங்குதாம். பாதி தண்ணியோட தண்ணியாப் போயிருதாம். கட்டி போடுறவன் உன் வீட்டுக்காரர் பேரச் சொல்லித் திட்டுறான். செத்த மனுஷன் காதுல விழப்போகுதுன்னு நான்தான் வாய மூடுனேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. செத்த மனுஷன் காதில் எதுவும் விழுவதில்லை என்று அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டு அவளால் சொல்ல முடியவில்லை.

காரணம் ஒரு மாடு. மொத்தம் இருபத்து நாலு மாடுகள். காலையும் மாலையும் கதவைத் திறந்ததும் எட்டு எட்டாக உள்ளே வந்து நிற்கும். அந்த ஒருத்தி மட்டும் வர மாட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம், கணவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்த அதே மூலையில் போய் நின்றுகொள்வாள். எல்லா மாடும் போய்வரும்வரை அங்கேயே நிற்பாள். கண் இமைக்காமல், கறக்கும் இடத்தில் யாரோ நிற்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிர் முகம், நெற்றியில் மட்டும் கறுப்பு. கணவன் அவளைக் கடைசிக்காரி என்று கூப்பிடுவான். ஈன்ற தாய்க்குக் கடைசிக் கன்று என்பதால் அந்தப் பெயர் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அந்தப் பார்வை கொழுந்தனுக்குத் தாங்கவில்லை. அண்ணன் போனபிறகு கறவையை ஏற்றுக்கொண்டவன் அவன்தான். இரண்டாவது வாரமே கயிறு போட்டு இழுத்துவந்து முதல் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினான். அன்றிலிருந்து அவள் முதலில்தான் கறக்கப்படுகிறாள். ஆனாலும் கறந்து விட்டதும் மறுபடி போய் மூலையில் நின்று, மற்ற மாடுகள் முடியும்வரை காத்திருப்பாள்.

“அண்ணன் அங்கதான் நிக்கிறாரு அண்ணி” என்பான் கொழுந்தன். “மாடுங்களுக்குத் தெரியும். பயத்துல மடி கெட்டுப்போச்சு. அதான் செல்லு ஏறுது.”

“உளறாத” என்பாள் அவள். ஆனால் கறவை இயந்திரத்தின் குவளைகள் காம்பை விட்டுக் கழன்று காற்றை இழுக்கும்போது வரும் ஒலி, கணவன் தொண்டையைச் செருமுவதுபோலவே இருந்தது. முன்பும் அந்த ஒலி இருந்திருக்க வேண்டும். அப்போது செருமுவதற்கு ஆள் இருந்ததால் அவள் காதில் விழவில்லை. இப்போது ஒவ்வொரு குவளைக்கும் திரும்பிப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கறவை நேரம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

சீட்டைப் படித்த மறுநாள் காலைக் கறவைக்கு அவள் கூப்பிட்ட மாட்டு டாக்டரம்மா வந்தார். ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் துணி, கையில் நாலு குழி உள்ள வெள்ளைத் தட்டு. கறவைக்கு முன் ஒவ்வொரு மாட்டின் நாலு காம்பிலிருந்தும் நாலு குழியில் கொஞ்சம் பால் பீய்ச்சினார். தட்டைச் சாய்த்து அளவாக விட்டுக்கொண்டு, அதே அளவு ஊதா மருந்தை ஊற்றிச் சுழற்றினார். முதல் மூன்று மாடுகளுக்கும் பால் தண்ணீராகவே சுழன்றது. நாலாவதற்கு ஒரு குழியில் மட்டும் சளி போலத் திரண்டு, தட்டைச் சுழற்றினால் கூடவே மெதுவாக நகர்ந்தது.

“பாத்தா நல்ல பாலாத்தானே இருக்கு டாக்டரம்மா. மடியும் வீங்கல, சூடும் இல்ல” என்றான் கொழுந்தன்.

“வெளிய தெரியாது. அதுதான் வம்பே” என்றார் அவர். “உள்ள கிருமி புகுந்துச்சுன்னா ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு கூட்டமா மடிக்குள்ள போகும், சண்டைக்கு. அங்கயே சாகும். அந்தப் பொணமெல்லாம் பாலோட வருது. அதத்தான் ஆலையில எண்ணுறாங்க. இந்த மருந்து அத ஒடைக்குது, உள்ள இருக்கறது வெளிய வந்து சளியாத் திரளுது.”

“பொணமா?” கொழுந்தன் ஒரு அடி பின்னால் போனான்.

“செத்தாலும் சும்மா இருக்காதுங்க. அதோட வயித்துல இருந்ததெல்லாம் பால்ல கலக்கும். நோவு வந்த மடியில ரத்தத்துல இருந்தும் சிலது கசியும். எல்லாம் சேந்து கட்டியா உறையவேண்டிய புரதத்தத் துண்டு துண்டா வெட்டும், கொழுப்ப ஒடச்சு ஒரு காறல் வாசம் கொண்டுவரும். காய்ச்சினா கிருமி சாகும். ஆனா வெட்டுறது எல்லாமே சாகாது. காய்ச்சின பிறகும் அதுபாட்டுக்கு வேல பாத்துட்டே இருக்கும்.”

அவள் மூலையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

இருபத்து நாலில் ஏழு மாடுகளுக்குத் திரண்டது. அன்று யாரும் இழுத்துவராததால் கடைசியாக வந்த கடைசிக்காரிக்கு இரண்டு குழிகளில் திரண்டு, பின்வலது காம்பின் குழியில் முட்டை வெள்ளைபோல எழும்பி நின்றது. டாக்டரம்மா தட்டைக் கீழே வைத்தார்.

“இவ இன்னுமா இங்க இருக்கா?”

“ஏன் கேக்குறீங்க?”

“ரெண்டு வருஷம் முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேனே. இது மடிச் சதைக்குள்ள பை பையா ஒளிஞ்சு உக்காந்துக்கற கிருமி. மருந்து அங்க போய்ச் சேராது. ரெண்டு தடவை வைத்தியம் பாத்தாச்சு, தீரல. மந்தையில வெச்சிருக்காதீங்க, மத்ததுக்குத் தொத்தும்னேன். அடுத்த மாசம் அனுப்பிடறேன்னார். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம்.”

அவளுக்கு அந்தச் சொல் பழக்கமானது. மார்பு அடைக்கிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னவனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதும் அவன் அதைத்தான் சொன்னான். அடுத்த மாசம்.

“எதால தொத்தும்?” என்று கேட்டாள்.

“கறக்கற குவளையாலதான். இவ காம்புல மாட்டுன ரப்பர்ல ஒட்டியிருக்கும். அதே குவளைய அடுத்தவளுக்கு மாட்டுனா அவளுக்குப் போகும். அதனாலதான் இந்த மாதிரி மாட்ட எப்பவும் கடைசியாக் கறக்கணும்பாங்க. அவரு அத மட்டும் ஒழுங்காச் செஞ்சிருக்கணும், இல்லேன்னா எப்பவோ பரவியிருக்கும். கடைசியாக் கறந்து அந்தப் பாலயும் பால் தொட்டியில விட்டிருக்கமாட்டாரு.”

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மூலையைத் திரும்பிப் பார்த்தான்.

“கடைசிக்காரி” என்றான், ஏதோ வேற்று மொழிச் சொல்லைச் சொல்லிப் பார்ப்பதுபோல. “அண்ணி, அது பேரு இல்ல.”

ஆமாம், அது பேர் இல்லை. மறந்துவிடாமல் இருக்கக் கணவன் தனக்குத்தானே தினமும் இரண்டு வேளை சொல்லிக்கொண்ட வேலை அது. மாடும் இரண்டு வருடத்தில் அதைக் கற்றுக்கொண்டது. மூலையில் நின்று அவள் எந்த ஆவியையும் பார்க்கவில்லை. தன் முறைக்காக நின்றாள். முறை வருமுன்பே கயிறு போட்டு இழுத்துவந்து அவள் நோயை இருபத்து மூன்று பேருக்கும் முன்னால் குவளையில் ஏற்றினார்கள்.

“நான் என்னத்தக் கண்டேன்” என்றான் கொழுந்தன். “வாளி நெறைய கறந்தா. இத்தனை பால் தர்றவளப் பத்தி அண்ணன் சொல்லவே இல்லையேன்னு சந்தோஷப்பட்டேன் அண்ணி.”

அவளுக்கு நினைவு வந்தது. கறவை முடிந்து எல்லோரும் போனபின்னும் கணவன் கால் மணி நேரம் கொட்டகையில் இருப்பான். சாக்கடையில் தண்ணீர் ஓடும். கழுவுகிறான் என்று நினைத்திருந்தாள். ஒரு மாட்டின் முழுப் பாலையும் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான், இரண்டு வருடம், ஒருத்தரிடமும் சொல்லாமல்.

டாக்டரம்மா செய்யவேண்டியதை எழுதிக் கொடுத்தார். நல்ல மாடுகள் முதலில், ஏழும் கடைசியில். ஏழின் பாலும் இப்போதைக்குத் தொட்டிக்குப் போகக்கூடாது. புதிதாகத் தொற்றிய இளம் மாடுகளுக்கு மருந்து. தேய்ந்த ரப்பரை மாற்றுவது. கடைசிக்காரிக்கு எதிரே அவர் எதுவும் எழுதவில்லை.

அவர் போனதும் கொழுந்தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தான்.

“அனுப்பவேணாம் அண்ணி. அண்ணன் செஞ்ச மாதிரியே நாமளும் செய்வோம். கடைசியாக் கறந்து கொட்டிருவோம். நானே கொட்டுறேன்.”

“ஒருநாள் உனக்குக் காய்ச்சல் வரும். வேற ஆளு கறப்பான். அவனுக்கு யாரு சொல்றது?”

“நீங்க சொல்லுங்க.”

“நான் இல்லேன்னா?”

அவன் மெதுவாகக் கேட்டான். “அவ போயிட்டா அண்ணன் எங்க வந்து நிப்பாரு?”

அந்தக் கேள்வியைத்தான் அவளும் காலையிலிருந்து சுமந்துகொண்டிருந்தாள். ஆவி இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் அந்த மாட்டின் நிற்பில் அவன் இருந்தான். அவன் கற்றுக்கொடுத்த ஒழுங்கு, அவன் மறைத்த மறைப்பு, இரண்டுமே அந்த உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தன. அதை வைத்துக்கொள்ளலாம். தினம் இரண்டு வேளை யாருக்கும் தெரியாமல் கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

“நாளைக்கே வண்டி சொல்லு” என்றாள். “அடுத்த மாசம்னு சொன்னா நானும் சொல்லிட்டே இருப்பேன்.”

அன்று மாலை கடைசிக்காரியைக் கடைசியாக அவளே கறந்தாள். குவளையை மாட்டாமல் கையால் கறந்தாள். ஒவ்வொரு காம்பையும் துடைத்தாள், மருந்தில் முக்கினாள். பால் வெள்ளையாக, நுரையோடு, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. வாளியைச் சாக்கடையில் சாய்த்தபோது கணவனின் கையில் அந்த எடை எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் மாடு பெருமூச்சு விட்டது. அவள் திரும்பவில்லை.

கடைசிக்காரி போனபின் வந்த அடுத்த சீட்டில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று இருந்தது. வண்டிக்காரர் குழாயைத் தொட்டியில் மாட்டிவிட்டு, “கட்டி போடுறவன் இனிமே உங்க வீட்டுக்காரரத் திட்டமாட்டான்” என்றார்.

“திட்டட்டும்ண்ணே” என்றாள் அவள். “யாராச்சும் அவர் பேரச் சொல்லணும்ல.”

அன்று கறவை சீக்கிரமே முடிந்துவிட்டது. கடைசி மாடு போனதும் கொழுந்தன் கதவைச் சாத்தப் போனான். அவள் வேண்டாம் என்று கை காட்டினாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கியில் தொங்கிய குவளைகளில் ஒன்று சரிந்து காற்றை இழுத்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அது ரப்பரின் ஒலியாக மட்டுமே இருந்தது.

“அணைச்சிரு” என்றாள்.