விற்றுத் தின்ற கோடை

பிப்ரவரி மாதத்தில் ஓட்டல்காரியைப் பார்த்து "எப்படிப் போகுது?" என்று கேட்கிறவனை நிற்க வைத்து உதைக்க வேண்டும். கிரீஸின் லெஸ்வோஸ் தீவில், பெட்ரா கடற்கரையில், முப்பத்துநாலு அறை வைத்திருக்கும் அர்கிரோவை அன்று காலையிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரிடமும் "ஓடிட்டிருக்கு" என்றாள். எங்கே ஓடுகிறது? அக்டோபரில் கடைசி விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதோடு வரவு நின்றது. செலவு நிற்குமா? வங்கித் தவணை, இன்சூரன்ஸ், வரி பாக்கி, மழையில் ஒழுகின மொட்டைமாடி என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

அதையெல்லாம்கூட இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிட்டாள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு செக். அறைகளுக்குப் புது ஏசி வாங்கியபோது கொடுத்த பின்தேதிச் செக், பதினெட்டாயிரம் யூரோவுக்கு. முதலில் அதில் செப்டம்பர் தேதிதான் போட்டிருந்தது. செப்டம்பரில் அவள் கையில் பணமும் இருந்தது. அப்போது பார்த்து நீச்சல்குளம் விரிசல் விட்டது. தம்பி ஸ்ட்ராதிஸ், "குளம் இல்லாத ஓட்டலை எவன்க்கா எடுப்பான்? ஏசிக்காரனுக்கு பிப்ரவரி தேதி போட்டு வேற செக் குடுத்துடு. ஜனவரியில ஏஜென்சி முன்பணம் வந்துடும்ல" என்றான். வருஷா வருஷம் வந்ததுதான். இவளும் தலையாட்டினாள். புத்தி எங்கே போயிற்று அன்றைக்கு! கையில் காசு இருக்கிற மாதத்துக் கடனைக் காசே இல்லாத மாதத்துக்குத் தள்ளிவிட்டாள். இந்த ஜனவரியில் எந்த ஏஜென்சியும் வாயைத் திறக்கவில்லை.

பஸ் பிடித்துத் தீவின் பெரிய ஊரான மித்திலீனிக்குப் போய், ஏசி கடை இக்னாடிஸ் முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தச் செக்கை மட்டும் ஜூலைக்குத் தள்ளிக்கோ இக்னாடிஸ். வட்டி வேணும்னாலும் தரேன்."

"எங்கிட்ட இருந்தா தள்ள மாட்டேனா அர்கிரோ? பின்னாடி கையெழுத்துப் போட்டு ஏதென்ஸ் மொத்த வியாபாரிகிட்ட குடுத்துட்டேன். அவன் சும்மா சரக்கு அனுப்புவானா?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா? நீ மட்டும் எங்கிருந்து புடுங்கியிருப்பே? பணத்தைக் குடு, அவன்கிட்டேருந்து திருப்பி வாங்கித் தரேன். இல்லேன்னா மாசக் கடைசியில பேங்குக்குப் போயிடும். என்னைத் திட்டாதே."

அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பணமில்லாத செக்கை வங்கி முத்திரை குத்தித் திருப்பும். ஒரே ஒரு முத்திரை போதும். நாட்டிலுள்ள வங்கிகளுக்கெல்லாம் தெரிந்துவிடும், செக் புத்தகம் போய்விடும். ரொட்டிக்காரனிலிருந்து சலவைக்காரன் வரை காசைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டியை நிறுத்துவான். கடன் இல்லாமல் ஏப்ரலில் எந்த ஓட்டல் கதவைத் திறந்திருக்கிறது? பெயின்ட், படுக்கை விரிப்பு, முதல் சம்பளம் எல்லாம் முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே கேட்கும்.

மறுநாள் ஏதென்ஸிலிருந்து ஏஜென்சிக்காரர் கலோயெரோஸ் போன் செய்தார். ஹாலந்திலிருந்து ஆட்களை அனுப்புகிற ஏஜென்சி.

"முன்பணம் இருபதாயிரம், நாளைக்கே போட்டுடறேன். கடல் பார்த்த அறை இருபத்தாறும் மே முதல் அக்டோபர் வரைக்கும் எங்களுக்கு. காலைச் சாப்பாட்டோட ஒரு அறைக்கு முப்பத்தோரு யூரோ."

"முப்பத்தொண்ணா! ஆகஸ்ட்லயுமா? உங்களுக்கே நியாயமா இருக்கா?"

"ஆகஸ்ட்லயும்தான். வேண்டாம்னா சொல்லுங்கம்மா. பக்கத்து விரிகுடாவுல ரெண்டு பேர் காத்துட்டிருக்காங்க."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். சம்பளம், கரண்ட், சலவை, முட்டை, தயிர், வங்கித் தவணை எல்லாம் சேர்த்தால் ஒரு அறை ஒரு நாளைக்கு முப்பத்தைந்தை விழுங்குகிறது. அறைக்கு நாலு யூரோ நஷ்டம். அதுகூடப் பெரிதில்லை. வாங்குகிற முன்பணத்தை மே மாத பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஜூன் பில்லுக்கு அறுபது நாள் தவணை, ஆகஸ்ட் கடைசியில்தான் பணம். அதுவரைக்கும் ஓட்டல் முழுக்க ஆள் இருக்கும், விருந்தாளிகள் வயிறாரத் தின்பார்கள், குளத்தில் குதிப்பார்கள், பெட்டியில் மட்டும் காசு இருக்காது. மீதியிருக்கும் சமையலறைப் பக்கத்து எட்டு அறைகளின் வாடகையில் ஒன்பது பேருக்குச் சம்பளம் போட முடியுமா? முடியவே முடியாது.

ஸ்ட்ராதிஸிடம் அதைச் சொன்னாள்.

"எப்பப் பாரு ஒப்பாரி வைக்காதேக்கா. ஓட்டல் நிரம்பினா பணம் தானா வரும்."

"நிரம்பினாத்தான்டா முழுகுவோம்! காதுல விழுதா?"

"அப்போ செக்கு முத்திரை வாங்கட்டும். சந்தோஷமா?"

ஏஜென்சி ஒப்பந்தத்தை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். பணம் வந்தது, இக்னாடிஸுக்குப் போனது, செக் திரும்பி வந்தது. அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. கோடையை விற்றுக் குளிர்காலத்தைத் தின்றாயிற்று, இனி கோடையில் எதைத் தின்பது என்ற பயம்தான் வந்து உட்கார்ந்தது.

ஸ்ட்ராதிஸ் வாய் சும்மா இருக்குமா? சதுக்கத்துக் காப்பிக்கடையில் எல்லோருக்கும் ஊசோ சாராயம் வாங்கிக் கொடுத்து, "மே முதல் அக்டோபர் வரைக்கும் ஃபுல்!" என்று கத்தியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டிக்காரன் தெருவில் மறித்துக் கை கொடுத்தான். மூன்று வாரமாகப் பிகு பண்ணிக்கொண்டிருந்த சலவைக்காரன் தானாக போன் செய்து, "மே மாசத்துக்கு இப்பவே எங்கிட்ட சொல்லிடும்மா, பணம் மெதுவா பார்த்துக்கலாம்" என்றான். அர்கிரோ எல்லோருக்கும் சிரித்தாள். அந்தக் கடன் இருந்தால்தானே அவளுக்கு ஏப்ரல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மிர்சினி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு கோடைகளாக அர்கிரோவின் ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள்.

"அம்மா, ஃபுல்லாமே! கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒண்ணு கேக்கட்டுமா? என் தங்கச்சிக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்கம்மா. மித்திலீனி ஆஸ்பத்திரியில பெருக்கறா, குறைஞ்ச சம்பளம், ஆனா வருஷம் முழுக்க உண்டு. உங்ககிட்டன்னா அதை விட்டுட்டு வந்துடறேங்கறா. ரெண்டு குழந்தைங்கம்மா அவளுக்கு. இங்கன்னா எங்கம்மா பார்த்துப்பாங்க."

'வேண்டாம்டி, விடச் சொல்லாதே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிரம்பிய ஓட்டலில் ஆள் வேண்டாம் என்றால் மிர்சினி ஏன் என்று கேட்பாள். கேட்டதை வீட்டில் சொல்வாள். இரண்டு படி கீழே ரொட்டிக்காரனின் பெண்டாட்டி மெழுகுவர்த்தியை அணைக்கிற சாக்கில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் ஊருக்கே தெரியும். கிழித்துப் போட்ட செக்கால் என்ன பிரயோஜனம் அப்புறம்?

"என்னம்மா யோசனை? இடம் இல்லையா?"

"இல்லாம என்ன?" என்றாள் அர்கிரோ. "வரச் சொல்லு."

"அப்போ ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துடலாமா? நாளைக்கேவா?"

"குடுக்கட்டும்."

மிர்சினி அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். படியில் நின்றபடியே பையிலிருந்து போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தாள். "கிடைச்சுடுச்சுடீ!" என்று அவள் கத்தியது சதுக்கம் வரைக்கும் கேட்டது. ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அர்கிரோவும் சிரித்தாள்.